புது ஹோம் லோனுக்கு ஃபிக்ஸடா ஃப்ளோட்டிங்கா: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

எங்க அபார்ட்மெண்ட் வாங்கற குரூப்ல இந்த சந்தேகம் வாரம் ஒருத்தராவது கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா ஒரே இடத்துல போட்டுடலாம்னு இதை எழுதறேன். கணக்கு எல்லாத்துக்கும் ஒரே உதாரணம்தான்: 40 லட்சம் லோன், 20 வருஷம், ஃப்ளோட்டிங் 7.5%, முதல் மூணு வருஷத்துக்கு ஃபிக்ஸட் 8.5%. உங்க ஆஃபர் லெட்டர்ல வேற நம்பர் இருக்கும், அதை வெச்சு இதே மாதிரி போட்டுப் பாருங்க.

ஃபிக்ஸட்னு எடுத்துட்டா 20 வருஷமும் அதே வட்டி தானே சார்?

பெரும்பாலும் இல்ல. நம்ம ஊர்ல ஃபிக்ஸட்னு சொல்லி விக்கறது பெரும்பாலும் முதல் ரெண்டு, மூணு, இல்ல அஞ்சு வருஷத்துக்கு மட்டும்தான் ஃபிக்ஸட், அதுக்கப்புறம் தானா ஃப்ளோட்டிங்குக்குப் போயிடும். கடைசி வரைக்கும் மாறாத லோனும் சில இடத்துல கிடைக்குது, ஆனா அதுக்கு அவங்க கேக்கற வட்டியைப் பார்த்தா நீங்களே வேணாம்னு எழுந்து வந்துடுவீங்க.

அதனால சாங்ஷன் லெட்டர்ல ரெண்டு விஷயம் தேடுங்க. ஒண்ணு, ஃபிக்ஸட் எத்தனை மாசம். ரெண்டாவது, "ரீசெட்" பத்தின வரி ஏதாவது இருக்கா, அதாவது மார்க்கெட் நிலவரத்தைப் பொறுத்து வட்டியை மாத்த உரிமை உண்டுன்னு பேங்க் எழுதி வெச்சிருக்கா. அந்த வரி இருந்தா அது பேருக்குத்தான் ஃபிக்ஸட். 2024 அக்டோபர்ல இருந்து புது லோனுக்கு கேஎஃப்எஸ்னு முக்கிய விவரம் எல்லாம் சேர்த்து ஒரு தாள் குடுத்தே ஆகணும், அதைக் கேட்டு வாங்கி வாசிங்க.

ஃப்ளோட்டிங்னா பேங்க் நினைச்ச நேரத்துக்கு ஏத்திடுவாங்களா?

பேங்க்ல எடுத்தா அப்படி முடியாது. 2019 அக்டோபர் 1ல இருந்து பேங்க் குடுக்கற புது ஃப்ளோட்டிங் ஹோம் லோன் எல்லாம் வெளியில இருக்கற ஒரு அளவுகோலோட கட்டணும்னு ஆர்பிஐ சொல்லிடுச்சு, முக்கால்வாசி பேங்க் ரெப்போ ரேட்டைத்தான், அதாவது ஆர்பிஐ பேங்குக்குக் கடன் குடுக்கற வட்டியைத்தான் எடுத்துக்கிட்டாங்க. உங்க வட்டி = ரெப்போ + ஸ்ப்ரெட், ஸ்ப்ரெட்னா ரெப்போ மேல பேங்க் கூட்டிக்கற பங்கு. ரெப்போ 5.25, ஸ்ப்ரெட் 2.25, ஆகமொத்தம் 7.5. ரெப்போ மாறினா மூணு மாசத்துக்குள்ள உங்க வட்டியும் மாறணும், ஏறினாலும் இறங்கினாலும்.

ஸ்ப்ரெட்டை இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. உங்க கிரெடிட் நிலைமை ரொம்ப மோசமானாதான் அதுல ரிஸ்க்குக்குன்னு இருக்கற பங்கை மாத்தலாம், மத்த பங்கை மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் தொடலாம் (குறைக்கறதா இருந்தா முன்னாடியே குறைக்கலாம்னு 2025 அக்டோபர்ல இருந்து விட்டிருக்காங்க). அதனால லோன் எடுக்கற அன்னிக்கு ஸ்ப்ரெட்டுக்குத்தான் பேரம் பேசணும். இன்னிக்கு என்ன வட்டின்னு மட்டும் கேட்டுட்டு வராதீங்க, ஸ்ப்ரெட் எவ்ளோன்னு கேளுங்க, நீண்ட காலம் உங்க கூட வரப்போறது அதுதான்.

ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனில எடுத்தாலும் இதே ரூல் தானே?

இல்ல, இது நிறைய பேருக்குத் தெரியல. அந்த 2019 ரூல் பேங்குக்கு மட்டும்தான். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிங்க பிஎல்ஆர்னு தங்களோட சொந்த அடிப்படை வட்டி ஒண்ணு வெச்சிருப்பாங்க, அதை எப்ப ஏத்தறது, எவ்ளோ இறக்கறதுன்னு அவங்களே முடிவு பண்றாங்க. ரெப்போ ஒரு பர்சன்ட் இறங்கிடுச்சேன்னு நீங்க காத்திருந்தா அவங்க கால் பர்சன்ட் இறக்கலாம், லேட்டாவும் இறக்கலாம். ஆர்பிஐ என்ன பண்ணும்னு கணிச்சு முடிவெடுக்கறேன்னு சொல்றவங்க முதல்ல தன்னோட லோன் ரெப்போவோட கட்டியிருக்கான்னு பாருங்க, கட்டலேன்னா கணிப்பு சரியா இருந்தும் பலன் கைக்கு வராது.

ஒரு பர்சன்ட் தானே அதிகம், நிம்மதிக்காக குடுத்துட்டுப் போலாமே?

குடுக்கலாம், ஆனா எவ்ளோ குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுங்க. 7.5%ல ஈஎம்ஐ 32,224 ரூபா. 8.5%ல 34,713. மாசம் 2,489 வித்தியாசம், 36 மாசத்துக்கு கிட்டத்தட்ட 90 ஆயிரம். எல்லாரும் இங்கயே கணக்கை நிறுத்திடறாங்க.

ஆனா இன்னொரு பக்கம் இருக்கு. வட்டி கூட இருந்தா ஈஎம்ஐ கூடறதோட அசலும் மெதுவாதான் கரையும். மூணு வருஷம் கழிச்சு 7.5% ஆளுக்கு பாக்கி சுமார் 37.09 லட்சம், 8.5% ஆளுக்கு 37.39 லட்சம். அதாவது மாசாமாசம் அதிகமா கட்டியும் 30 ஆயிரம் கூடுதலா கடன் நிக்குது. ரெண்டையும் சேர்த்தா நிம்மதியோட விலை சுமார் 1.2 லட்சம், அதுவும் மூணு வருஷத்துக்கு மட்டும்.

ரெப்போ எவ்ளோ ஏறினா ஃபிக்ஸட் எடுத்தவங்களுக்கு லாபம்?

இதுதான் சரியான கேள்வி. வட்டி ஏறுமா ஏறாதான்னு கேக்கறதை விட, இந்த இடைவெளியைத் தாண்டற அளவுக்கு, சீக்கிரமா ஏறுமான்னு கேக்கணும். இடைவெளி 1%னா, மூணு வருஷத்துல உங்க ஃப்ளோட்டிங் வட்டியோட சராசரி 8.5ஐத் தாண்டணும், அப்பதான் ஃபிக்ஸட் ஜெயிக்கும்.

சராசரின்னு சொல்றதைக் கவனிங்க. முதல் மாசத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா ஒரே சீரா ஏறுதுன்னு வெச்சுக்கங்க, சராசரி 1% கூடணும்னா மூணாவது வருஷ முடிவுல 2% ஏறி 9.5ல நிக்கணும், அதாவது ரெப்போ 5.25ல இருந்து 7.25க்குப் போகணும். ரெப்போ கடைசியா 7.25ல இருந்தது 2015ல. முதல் ஒரு வருஷம் அசையாம இருந்துட்டு அப்புறம் ஏறினா, மிச்சம் ரெண்டு வருஷமும் முழுசா 1.5% கூட இருந்தாதான் சமம் ஆகும். ஒன்றரை வருஷம் அசையலேன்னா அதுக்கப்புறம் ஒரேடியா 2% ஏறி அப்படியே நிக்கணும். லேட்டாக லேட்டாக ஏற வேண்டிய உயரம் கூடிக்கிட்டே போகும். உங்க இடைவெளி அரை பர்சன்ட்தான்னா இந்த நம்பர் எல்லாத்தையும் பாதியாக்கிக்கங்க, அப்ப ஃபிக்ஸட் ஓரளவு நியாயமான பந்தயம்.

இப்ப ரெப்போ 5.25, ரொம்ப கீழ இருக்கு, இனிமே மேலதானே போகும், அப்ப ஃபிக்ஸட் தானே புத்திசாலித்தனம்?

2023 பிப்ரவரில 6.50ல இருந்தது, ரெண்டு வருஷம் அப்படியே நின்னுச்சு, 2025ல நாலு தடவை குறைச்சு டிசம்பர்ல 5.25க்கு வந்துச்சு. கீழ இருக்குன்றது சரி. ஆனா 2020 மே மாசம் 4.00க்கு வந்தது, அதுக்கப்புறம் ஏற ஆரம்பிக்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு. மூணு வருஷ ஃபிக்ஸட் எடுத்தவரோட நேரத்துல மூணுல ரெண்டு பங்கு அந்த மாதிரி காத்திருப்புலயே போயிருக்கும்.

அதைவிட முக்கியமான விஷயம், ஏறும்னு உங்களுக்குத் தோணுதுன்னா பேங்குக்கும் அது தோணியிருக்கும். மூணு வருஷத்துக்கு ஒரே வட்டில உங்களுக்குக் குடுக்கணும்னா பேங்கோட பணம் திரட்டற ஆளுங்க மூணு வருஷ பணம் மார்க்கெட்ல என்ன விலைன்னு பார்த்துட்டுதான் 8.5ன்னு போடறாங்க, எதிர்பார்க்கற ஏத்தம் ஏற்கனவே அந்த 1% இடைவெளிக்குள்ள இருக்கு, அதுக்கு மேல அவங்க லாபமும் இருக்கு. அதனால எல்லாரும் எதிர்பார்க்கற அளவுக்கு வட்டி ஏறினா உங்களுக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல, எல்லாரும் எதிர்பார்த்ததை விட அதிகமா ஏறினாதான் ஃபிக்ஸட் ஜெயிக்கும்.

2022ல லோன் எடுத்த எங்க அண்ணன் ரொம்ப பட்டுட்டார், அதைப் பார்த்தும் ஃப்ளோட்டிங் போகச் சொல்றீங்களா?

அண்ணன் பட்டது நிஜம். 2022 ஏப்ரல்ல ரெப்போ 4.00. மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்டம் இல்லாத நாள்ல, திடீர்னு 0.40 ஏத்துனாங்க, அப்புறம் ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், டிசம்பர், அடுத்த பிப்ரவரின்னு வரிசையா ஏத்தி 6.50. பத்து மாசத்துல 2.5%. அந்த ஏப்ரல்ல இருந்து மூணு வருஷத்துக்கு மாசாமாசம் கூட்டிப் பார்த்தா சராசரி ஏத்தம் சுமார் 2.16 வருது. அப்ப 2%க்குள்ள இடைவெளில மூணு வருஷ ஃபிக்ஸட் எடுத்திருந்தா அது பெரிய லாபம்.

இப்ப அதே கணக்கை 2023 பிப்ரவரி கடைசில லோன் எடுத்தவருக்குப் போடுங்க. ஈஎம்ஐ எகிறினதைப் பார்த்து பயந்துபோய் நிறைய பேர் ஃபிக்ஸட் கேட்டது அப்பதான். அதுக்கப்புறம் ரெப்போ கால் பர்சன்ட் கூட ஏறல, ரெண்டு வருஷம் நின்னுட்டு இறங்கிடுச்சு. அன்னிக்கு ஃபிக்ஸட் எடுத்தவர் இடைவெளி முழுசையும் இழந்ததோட இறங்கினதோட பலனையும் விட்டுட்டார். 2022 ஏப்ரல்ல, உண்மையிலேயே தேவைப்பட்ட நேரத்துல, எங்க குரூப்ல இந்தக் கேள்வியை யாருமே கேக்கல. பயம் வர்றது ஏறி முடிஞ்சப்புறம்தான், அதனால பயத்தை வெச்சு முடிவெடுத்தா நேரம் தப்பாதான் போகும்.

வட்டி ஏறினாலும் ஈஎம்ஐ ஏறாது, வருஷம்தான் கூடும்னு மேனேஜர் சொன்னார், அப்ப என்ன கவலை?

கவலைப்படணும். 2021ல 6.7%க்கு 30 லட்சம் 20 வருஷத்துக்கு எடுத்தவங்க உண்டு, ஈஎம்ஐ 22,722. வட்டி 9.2% ஆனப்போ பாக்கி 29.5 லட்சம்னு வெச்சுக்கங்க, அந்த மாச வட்டி மட்டுமே 22,617. அசலுக்குப் போறது 105 ரூபா! அதே ஈஎம்ஐல கட்டினா லோன் முடிய 58 வருஷம் ஆகும். ரிட்டயர் ஆகற வயசைத் தாண்டி பேங்க் விடாது, அதனால கடைசில ஈஎம்ஐயையும் ஏத்தித்தான் ஆகணும். நிறைய பேருக்கு இது ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது.

இதனாலதான் 2023 ஆகஸ்ட்ல ஆர்பிஐ ஒரு சர்க்குலர் போட்டுச்சு: வட்டி மாறும்போது ஈஎம்ஐ கூட்டறதா, காலத்தை நீட்டறதா, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமான்னு கஸ்டமரைக் கேக்கணும், மாச வட்டியைக் கூட ஈஎம்ஐ தொடாத நிலைமைக்கு விடக்கூடாது. கேட்டா, முடிஞ்சவரைக்கும் ஈஎம்ஐயைக் கூட்டச் சொல்லுங்க. வருஷத்தை நீட்டறது அந்த மாசத்துக்கு வலிக்காது, ஆனா கடைசில கட்டற மொத்த வட்டியை ஏத்திடும்.

வட்டி ஏறப்போகுதுன்னு முன்கூட்டியே எதைப் பார்த்து தெரிஞ்சுக்கறது?

விலைவாசியைப் பாருங்க. ஆர்பிஐக்குக் குடுத்திருக்கற இலக்கு சில்லறை விலைவாசி 4%, மேல கீழ 2 விட்டுக்கலாம். 2022ல அது 6ஐத் தாண்டிப் போய் ஏப்ரல்ல 7.79 ஆச்சு, அதே சமயத்துலதான் ஏத்தமும் ஆரம்பிச்சது. 2025 அக்டோபர்ல அது 0.25ன்னு வந்துச்சு, ரெண்டு மாசத்துல ரெப்போ இறங்குச்சு. மாசாமாசம் 12ஆம் தேதி வாக்குல இந்த நம்பர் வரும், ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ரெப்போ கூட்டம் நடக்கும், தொடர்ந்து பார்த்தா திசை ஓரளவு புரியும்.

திசை புரியும், அவ்ளோதான். எவ்ளோ ஏறும், எப்ப ஏறும்ன்றது புரியாது, ஃபிக்ஸட் எப்ப லாபம்னு மேல போட்ட பிரேக்ஈவன் கணக்குக்கு வேணுங்கறது அந்த ரெண்டும்தான். 2022 ஏப்ரல் கூட்டத்துல ரெப்போவைத் தொடாம விட்டவங்களேதான் நாலு வாரத்துல ஏத்துனாங்க.

இப்ப ஃப்ளோட்டிங் எடுத்துட்டு, ஏற ஆரம்பிச்சதும் ஃபிக்ஸட்டுக்கு மாறிக்கலாம்ல?

பேப்பர்ல நல்லா இருக்கும். ஆனா ஏற ஆரம்பிச்ச அன்னிக்கே ஃபிக்ஸட் ரேட்டும் ஏறிடும், பெரும்பாலும் ரெப்போவுக்கு முன்னாடியே ஏறிடும், காரணம் மேல சொன்னதுதான். அதோட 2023 சர்க்குலர்ல ஃபிக்ஸட்டுக்கு மாற வாய்ப்பு குடுக்கணும்னு இருந்தது, 2025 அக்டோபர்ல இருந்து அது பேங்கோட விருப்பம்னு ஆயிடுச்சு. குடுத்தாலும் மாத்தறதுக்கு கட்டணம் உண்டு. இதை ஒரு திட்டமா நம்பாதீங்க.

கைல அப்பப்ப பணம் வரும், சீக்கிரம் அடைக்கலாம்னு இருக்கேன், எது நல்லது?

ஃப்ளோட்டிங், யோசிக்கவே வேணாம். தனி ஆள் வீட்டுக்காக எடுத்த ஃப்ளோட்டிங் லோனை முன்கூட்டியே அடைச்சா அபராதம் வாங்கக்கூடாது. ஃபிக்ஸட் காலத்துல அடைச்சா கட்டணம் இருக்கலாம், பாதி ஃபிக்ஸட் பாதி ஃப்ளோட்டிங் லோன்ல நீங்க அடைக்கற நேரத்துல அது எந்த நிலைல இருக்குன்றதைப் பொறுத்துதான் ரூல்.

நான் கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்றது ஒண்ணுதான்: ஃப்ளோட்டிங் எடுங்க, ஆனா ஃபிக்ஸட் ஈஎம்ஐ கட்டுங்க. அதாவது 32,224க்கு பதிலா 34,713. வட்டி அசையாம இருந்தா லோன் 20க்கு பதிலா சுமார் 17 வருஷத்துல முடியும், மூணு வருஷத்துலயே பாக்கி ஃபிக்ஸட் ஆளை விட 1.3 லட்சம் கம்மியா இருக்கும். வட்டி ஒரு பர்சன்ட் ஏறினாலும் உங்க மாச பட்ஜெட்ல ஒண்ணும் மாறாது, ஏற்கனவே அந்தத் தொகையைக் கட்டிப் பழகிட்டீங்க. கூடுதல் பணம் அசலுக்குப் போகணும்னு பேங்க்ல எழுதிக் குடுங்க, இல்லேன்னா சில இடத்துல அடுத்த ஈஎம்ஐக்கு அட்வான்ஸா வெச்சுடறாங்க.

அப்ப யாருக்குத்தான் ஃபிக்ஸட்?

அடுத்த ரெண்டு மூணு வருஷம் மட்டும் கை ரொம்ப இறுக்கமா இருக்கும், அப்புறம் தளரும்னு தெரிஞ்சவங்களுக்கு. வாடகையும் ஈஎம்ஐயும் சேர்த்துக் கட்டறவங்க, குழந்தை பிறந்து ஒரு சம்பளம் தற்காலிகமா நின்னவங்க, பிள்ளையோட காலேஜ் கடைசி ரெண்டு வருஷ ஃபீஸ் பாக்கி இருக்கறவங்க. இடைவெளி அரை பர்சன்டுக்குப் பக்கத்துல கிடைச்சா தாராளமா எடுங்க.

ஆனா முதல்ல ஒரு சோதனை போடுங்க. 2022ல நடந்த மாதிரி 2.5% ஏறினா 40 லட்சத்துக்கு ஈஎம்ஐ 38,601, மாசம் 6,377 கூட. இதைத் தாங்கவே முடியாதுன்னா மூணு வருஷ ஃபிக்ஸட் உங்களைக் காப்பாத்தாது, நாலாவது வருஷம் கிட்டத்தட்ட அதே ஈஎம்ஐ வந்து நிக்கும். அப்படிப்பட்டவங்க குறைக்க வேண்டியது லோன் தொகையை.

மூணு வருஷம் முடிஞ்சதும் "அன்றைய ரேட்"னு போட்டிருக்கு, அது சரிதானே?

சரியில்ல. அன்றைய ரெப்போ உங்க கைல இல்ல, ஆனா ஸ்ப்ரெட் எவ்ளோன்னு இன்னிக்கே எழுதி வாங்கலாம். ஃப்ளோட்டிங் ஆளுக்கு ஸ்ப்ரெட் 2.25, உங்களுக்கு நாலாவது வருஷத்துல இருந்து 3ன்னு இருந்தா மிச்சம் 17 வருஷமும் முக்கால் பர்சன்ட் கூடக் கட்டுவீங்க, மூணு வருஷத்துல மிச்சம் பிடிச்சது எல்லாம் அதுல போயிடும். அப்ப வேற பேங்குக்கு மாத்தலாம், ஆனா பிராசசிங் ஃபீஸ், லீகல், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வெக்கறதுக்கான எம்ஓடியைப் புதுசா ரிஜிஸ்டர் பண்ற செலவுன்னு எல்லாம் திரும்ப முதல்ல இருந்து வரும்.

கட்டிட்டு இருக்கற ஃபிளாட், ரெண்டு வருஷம் கழிச்சுதான் சாவி. ஃபிக்ஸட் எடுத்தா எப்பல இருந்து கணக்கு?

பெரும்பாலும் முதல் தவணைப் பணம் பில்டருக்குப் போன நாள்ல இருந்து. இது தெரியாம எடுக்கறவங்க நிறைய. 40 லட்சத்துல முதல் வருஷம் 8 லட்சம்தான் ரிலீஸ் ஆகுது, ரெண்டாவது வருஷ கடைசிலதான் 30 லட்சம் ஆகுதுன்னு வைங்க. மூணு வருஷ ஃபிக்ஸட்ல ரெண்டு வருஷம் சின்ன தொகையைப் பாதுகாக்கறதுலயே தீர்ந்துடும், முழுக் கடனும் ஈஎம்ஐயும் ஆரம்பிச்சு ஒரு வருஷத்துல நீங்க ஃப்ளோட்டிங்க்ல இருப்பீங்க. இந்த மாதிரி லோனுக்கு நான் மூணு வருஷ ஃபிக்ஸட் சொல்லவே மாட்டேன். கடைசி தவணை ரிலீஸ் ஆன நாள்ல இருந்து கணக்குன்னு பேங்க் எழுத்துல குடுத்தா மட்டும் திரும்ப யோசிக்கலாம், பிரேக்ஈவன் கணக்கையும் அந்த நாள்ல இருந்து போடுங்க.